புதைந்த கேபிளில் பழுது எங்கே: பாலமும் துடிப்புத் தெறிப்பும் கொண்டு இடத்தைக் காணும் முறை

கொழும்பு நகருக்குள் 11 கிலோவோல்ற்று மின்சாரம் பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. வெள்ளவத்தை போன்ற ஓரிடத்தில் ஒரு கேபிள் பழுதானால், அதற்கு மேலே காலி வீதியின் தாரும், நடைபாதைக் கற்களும், நீர்க்குழாய்களும், தொலைபேசி வடங்களும் இருக்கும். ஒரு குழியைத் தவறான இடத்தில் தோண்டினால் ஒரு நாள் வீணாவதோடு, பக்கத்தில் கிடக்கும் நல்ல கேபிளில் அலவாங்கு பட்டு இரண்டாவது பழுதும் வரலாம். ஆகவே தோண்டுமுன் இரண்டு வெவ்வேறு தத்துவங்களால் தூரத்தைக் கண்டு, இரண்டும் ஒத்துவந்த பிறகே நிலத்தைத் தொடுவது என் வழக்கம். ஒரு முறை கடத்தியின் தடையை அளக்கிறது, மற்றது துடிப்பு ஓடும் நேரத்தை அளக்கிறது. இரண்டும் பிழைபடும் காரணங்கள் வேறு வேறு என்பதால் ஒன்றின் தவறை மற்றது காட்டிக்கொடுக்கும்.

இந்த வழிகாட்டி முழுவதையும் நான் வேலை செய்த ஒரே ஒரு கேபிளை வைத்துச் சொல்கிறேன். அது மூன்று கோர் உடைய 11 கிலோவோல்ற்றுக் கேபிள், மொத்த நீளம் 860 மீற்றர். உப மின்நிலையத்திலிருந்து முதல் 520 மீற்றர் 240 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கடத்தி கொண்ட எக்ஸ்.எல்.பி.ஈ. கேபிள். மீதி 340 மீற்றர், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் கிடந்த பழைய ஈய உறைக் காகிதக் கேபிள், 185 சதுர மில்லிமீற்றர் செப்புக் கடத்தி. கொழும்பில் இப்படிப் புதியதும் பழையதும் ஒட்டுப்போட்ட கேபிள்களே அதிகம் கையில் வரும். பாடப்புத்தகச் சமன்பாடு அங்கேதான் காலை வாரும்.

முதலில் பழுதின் குணத்தை அறிதல்

இரு முனைகளிலும் கேபிளைப் பிரித்து, பூட்டி, அனுமதிப் பத்திரம் கைக்கு வந்த பின், மூன்று கோர்களையும் ஏர்த் செய்து மின்னிறக்க வேண்டும். மறுமுனையில் ஓர் ஆள் தொலைபேசியோடு நிற்க வேண்டும். அவர் சொல்லாமல் நாம் மின்னழுத்தம் கொடுக்கக்கூடாது, நாம் சொல்லாமல் அவர் கோரைத் தொடக்கூடாது. ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் மீண்டும் ஏர்த் செய்ய வேண்டும், ஏனெனில் இத்தனை நீளக் கேபிள் ஒரு பெரிய கொள்ளளவியைப் போல மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

மெகரில் சிவப்புக் கோருக்கும் ஏர்த்துக்கும் இடையே 1,800 மெகா ஓமும், நீலக் கோருக்கு 1,500 மெகா ஓமும் கிடைத்தன. மஞ்சள் கோர் பூச்சியம் காட்டியது. பலர் இந்தப் பூச்சியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மெகரின் பூச்சியம் 5 ஓமாகவும் இருக்கலாம், 5,000 ஓமாகவும் இருக்கலாம், அடுத்து எந்தக் கருவியை எடுப்பது என்பதோ அந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது. சாதாரணப் பல்மானியை வைத்தபோது 2.1 கிலோ ஓம் வந்தது. இலக்கம் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல ஏறி இறங்கியது. இப்படி அலையும் தடை, பழுதில் ஈரம் இருப்பதன் அடையாளம்.

பிறகு மறுமுனையில் மூன்று கோர்களையும் ஒன்றாகக் கட்டச் சொல்லி, இங்கிருந்து இரண்டிரண்டாக அளந்தேன். எல்லாம் ஓடியது, ஆகவே எந்தக் கடத்தியும் அறுந்திருக்கவில்லை. கடத்தி அறுந்திருந்தால் இங்கே சொல்லப்போகும் பாலம் பயன்படாது. அப்போது நேரே துடிப்புக் கருவிக்குப் போக வேண்டும்.

பாலத்தின் தத்துவம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு மீற்றர்ப் பாலம் நினைவிருக்கும். மரே வளையம் எனப்படும் இந்த முறையும் அதே பாலம்தான், கம்பிக்குப் பதிலாக வீதிக்கு அடியில் கிடக்கும் கேபிளே இரண்டு கைகளாகிறது. பழுதான கோரையும் ஒரு நல்ல கோரையும் மறுமுனையில் தடித்த செப்புப் பட்டையால் இணைக்கிறோம். இங்கே அவற்றின் இரு முனைகளுக்கும் இடையே கல்வனோமானி. கருவியின் P கை நல்ல கோருக்கும் Q கை பழுதான கோருக்கும் போகும். மின்கல அடுக்கின் ஒரு முனை P, Q சந்திக்கும் இடத்துக்கும், மறுமுனை ஏர்த்துக்கும், அதாவது கேபிளின் உலோக உறைக்கும் போகும். கல்வனோமானி பூச்சியத்தில் நிற்கும்போது,

```
x = 2L × Q / (P + Q)
```

இதில் L கேபிளின் நீளம், x இங்கிருந்து பழுதுக்கு உள்ள தூரம்.

பழுதின் தடை இந்தச் சமன்பாட்டில் எங்கும் வரவில்லை என்பதே இந்த முறையின் அழகு. அது மின்கல அடுக்கோடு தொடரில் நிற்பதால் சமநிலைப் புள்ளியை நகர்த்துவதில்லை. ஆனால் பாலத்தின் கூர்மையை அது தின்றுவிடும். எங்கள் கேபிளில் வளையத் தடை ஏறத்தாழ 0.2 ஓம். 100 வோல்ற்று கொடுத்தால் 2.1 கிலோ ஓம் பழுதினூடாக 48 மில்லி அம்பியர் போகும். வாசிப்பு ஆயிரத்தில் ஒன்று பிசகினால் கல்வனோமானியில் தோன்றுவது சுமார் 10 மைக்ரோவோல்ற்று, இதை நல்ல கருவி ஒன்று தெளிவாகப் பிடிக்கும். பழுது 1 மெகா ஓமாக இருந்திருந்தால் அதே பிசகு 0.02 மைக்ரோவோல்ற்றாகச் சுருங்கி இரைச்சலில் மறைந்துபோகும். அப்படிப்பட்ட பழுதுக்குக் கிலோவோல்ற்றுக் கணக்கில் கொடுக்கும் உயர் அழுத்தப் பாலம் வேண்டும்.

நல்ல கோர் உண்மையிலேயே நல்லதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அதிலும் ஈரம் ஏறியிருந்தால் மின்னோட்டம் இரண்டு இடங்களில் ஏர்த்துக்குக் கசியும், பாலமோ அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தைக் காட்டும். மூன்று கோர்களும் கெட்டிருந்தால் அதே பாதையில் கிடக்கும் இன்னொரு கேபிளின் கோரை இரவல் வாங்குவதைத் தவிர வழியில்லை.

வளையத் தடையை முன்கூட்டியே அளத்தல்

பாலத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைச் செய்யாமல் விட்டவர்கள் தோண்டிய வெறுங்குழிகளை நான் பார்த்திருக்கிறேன். கேபிளின் வளையத் தடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, அதன் பிறகு நுண் ஓம்மானியால் அளந்து ஒப்பிட வேண்டும்.

20 பாகை செல்சியசில் 240 அலுமினியக் கடத்திக்குக் கிலோமீற்றருக்கு 0.125 ஓம், 185 செப்புக்கு 0.0991 ஓம். பாலம் மீற்றரை அறியாது, ஓமை மட்டுமே அறியும். ஆகவே செப்புப் பகுதியை அலுமினிய மீற்றராக மாற்ற வேண்டும். 340 மீற்றர் செப்பு, 340 × 0.0991 ÷ 0.125 என்ற கணக்கில் 270 அலுமினிய மீற்றருக்குச் சமம். அப்போது கேபிளின் சமான நீளம் 520 + 270 = 790 மீற்றர், வளையம் 1,580 மீற்றர், அதன் தடை 0.1975 ஓம். கொழும்பு மண் 30 பாகையில் இருந்தால் இது 4 சதவீதம் கூடி 0.2055 ஓமாகும். வெப்பம் இரு கைகளையும் ஒரேயளவில் கூட்டுவதால் பால வாசிப்பு மாறாது. இந்த ஒப்பீட்டுக்கு மட்டுமே அது தேவை.

அளந்தபோது வந்தது 0.217 ஓம். கூடுதலாக நின்ற 11 மில்லி ஓம் பார்வைக்குச் சிறியது, ஆனால் கேபிள் கணக்கில் அது 85 மீற்றருக்கு மேல். மறுமுனையில் நின்றவரிடம் பட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். லக்கின் முகத்தில் கறுத்த படலம் இருந்தது, கடற்காற்று படும் இடங்களில் இது வழமை. உரசிச் சுத்தம் செய்து இறுக்கியதும் 0.206 ஓமுக்கு இறங்கியது.

இதைப் பொருட்படுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனெனில் சுத்தம் செய்வதற்கு முன்பே ஆவலில் ஒரு தடவை பாலத்தைச் சமன் செய்து பார்த்திருந்தேன். Q/(P + Q) வாசிப்பு 0.373 வந்தது. அது பழுதை 607 மீற்றரில் வைக்கிறது. உண்மையான இடம் அதற்கு ஏறத்தாழ 40 மீற்றர் அப்பால்.

சமநிலையும் கணக்கும்

கல்வனோமானியின் கம்பிகளைக் கேபிளின் லக்கிலேயே நேராகக் கவ்வ வேண்டும். பாலக் கைகளின் கம்பிகள் தனியாகப் போக வேண்டும். இரண்டையும் ஒரே கவ்வியில் பிடித்தால் கவ்வியின் தொடுகைத் தடையும் கேபிளின் நீளமாக எண்ணப்படும்.

சுத்தம் செய்த பின் Q/(P + Q) வாசிப்பு 0.392. மின்கல அடுக்கின் முனைகளை மாற்றிப் போட்டபோதும் 0.392. தரையில் அலையும் நேர்மின்னோட்டமோ தொடுகைகளில் பிறக்கும் சிறு அழுத்தங்களோ இருந்தால் இந்த இரண்டு வாசிப்புகளும் பிரிந்து நிற்கும், அப்போது சராசரி எடுக்கலாம். அடுத்து இரண்டு கோர்களையும் இடம் மாற்றிக் கட்டினேன், 0.608 வந்தது. இரண்டும் சேர்ந்து 1 ஆக வேண்டும், ஆயிற்று.

இப்போது 1,580 × 0.392 = 619 அலுமினிய மீற்றர். முதல் 520 மீற்றரைக் கழித்தால் மீதி 99. இந்த 99 செப்புப் பகுதிக்குள் விழுவதால் அதைத் திரும்பச் செப்பு மீற்றராக்க வேண்டும்: 99 × 0.125 ÷ 0.0991 = 125. ஆகவே பழுது 645 மீற்றரில். கேபிள் முழுவதும் ஒரே வகை என்று எண்ணி 2 × 860 × 0.392 போட்டிருந்தால் 674 வந்திருக்கும். கணக்கில் சோம்பல்பட்டால் 29 மீற்றர், அதாவது அந்த ஒழுங்கையில் இரண்டு மூன்று வீட்டு வாசல்கள்.

கருவியை வாகனத்தில் ஏற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் அங்கிருந்தும் அளப்பது அலுப்பான வேலைதான், ஆனாலும் நான் விடுவதில்லை. அங்கே வாசிப்பு 0.109. 1,580 × 0.109 = 172 அலுமினிய மீற்றர், செப்பில் 217 மீற்றர். 860 இலிருந்து கழித்தால் 643. இரு முனைகளுக்கும் இடையே 2 மீற்றர் வித்தியாசம். வாசிப்பின் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே செப்புப் பகுதியில் 2 மீற்றர் நகரும் என்பதால் இதைவிட நெருக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

துடிப்பை அனுப்பிப் பார்த்தல்

துடிப்புத் தெறிப்புக் கருவி கேபிளுக்குள் ஒரு குறுகிய மின்துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. கேபிளின் அலைத் தடங்கல் மாறும் இடத்திலெல்லாம் துடிப்பின் ஒரு பங்கு திரும்பிவரும். திறந்த முனையில் மேல்நோக்கியும், குறுஞ்சுற்றில் கீழ்நோக்கியும், மூட்டுகளில் சிறு நெளிவாகவும் அது திரையில் தெரியும். போய்வந்த நேரத்தின் பாதியை வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும்.

வேகத்தை அட்டவணையிலிருந்து எடுப்பதை நான் நம்புவதில்லை. கேபிளின் காவலியையும் அதன் வயதையும் பொறுத்து அது மாறும், காகிதக் கேபிளில் இன்னும் அதிகமாக மாறும். பதிலாக நல்ல கோரில் முதலில் துடிப்பை விட்டு, தெரிந்த நீளங்களைக் கொண்டு வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் கேபிளில் இரு வகையும் சேரும் மூட்டின் நெளிவு 6.19 மைக்ரோசெக்கனில் தெரிந்தது. 520 மீற்றரை அதனால் வகுத்தால் எக்ஸ்.எல்.பி.ஈ. பகுதியில் அரைவேகம் மைக்ரோசெக்கனுக்கு 84 மீற்றர். திறந்த முனை 10.55 இல் தெரிந்தது. மீதி 340 மீற்றரை 4.36 ஆல் வகுத்தால் காகிதப் பகுதியில் 78. ஒரே வேகத்தை முழுக் கேபிளுக்கும் கொடுத்திருந்தால் திரை கேபிளின் முடிவை 886 மீற்றரில் காட்டியிருக்கும். பதிவேட்டு நீளமும் திரையில் தெரியும் முடிவும் இப்படிப் பொருந்தாதபோது முதலில் சந்தேகிக்க வேண்டியது வேகத்தைத்தான்.

பிறகு மஞ்சள் கோரில் அதே துடிப்பை விட்டேன். நல்ல கோரின் கோடும் இதுவும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. பழுது தெரியவேயில்லை. புதிதாக வருபவர்கள் இங்கேதான் கருவியைக் குறை சொல்வார்கள். கருவியில் குறையில்லை. பழுதிலிருந்து திரும்பும் பங்கு இவ்வளவுதான்:

```
r = -Z / (2R + Z)
```

Z என்பது அலைத் தடங்கல், இங்கே சுமார் 30 ஓம். R பழுதின் தடை. R 10 ஓமாக இருந்தால் துடிப்பின் 60 சதவீதம் திரும்பும், யாரும் தவறவிட முடியாது. 200 ஓமில் 7 சதவீதம், நல்ல கோரோடு ஒப்பிட்டால் கண்ணில் படும். 2,100 ஓமில் 0.7 சதவீதம், அது ஒரு மூட்டின் நெளிவுக்குள் கரைந்துவிடும். பாலத்துக்கு இலகுவான பழுது துடிப்புக்கு மறைந்துபோவதும், அறுந்த கடத்தி துடிப்புக்கு இலகுவாகவும் பாலத்துக்கு எட்டாததாகவும் இருப்பதும், இந்த இரண்டு கருவிகளையும் சோடியாக வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம்.

இப்படியான பழுதைத் தெரியவைக்க, உயர் அழுத்தத் துடிப்பால் அதில் ஒரு நொடிப்பொழுது தீப்பொறியை உண்டாக்க வேண்டும். பொறி எரியும்போது பழுதின் தடை சில ஓமுக்கு விழும், அதே கணத்தில் அளவுத் துடிப்பும் போய்க் குறுஞ்சுற்றைக் கண்டு திரும்பும். தம்பர் எனப்படும் மின்னிறக்கக் கருவியோடு வடிகட்டி ஒன்றைச் சேர்த்து இதைச் செய்கிறோம். பழைய காகிதமும் வயதான எக்ஸ்.எல்.பி.ஈ.யும் அடிக்கு அடி நலிவதால், 11 கிலோவோல்ற்றுக் கேபிளில் நான் 8 கிலோவோல்ற்றைத் தாண்டுவதில்லை, தேவைக்கு மேல் ஓர் அடியும் கொடுப்பதில்லை.

முதல் சில அடிகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஈரமான பழுது பொறியாக வெடிக்காமல் மெதுவாகக் கசியவிட்டே ஆற்றலை விழுங்கிவிடும். கருவியின் வோல்ற்றுமானி சட்டென்று விழாமல் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் இதை அறியலாம். சில நிமிடங்களில் ஈரம் வற்றி, ஊசி பட்டென்று விழத் தொடங்கியது. அப்போது பிடித்த கோடு, பழைய கோட்டிலிருந்து 7.82 மைக்ரோசெக்கனில் கீழே பிரிந்தது. கோடு பிரியத் தொடங்கும் அடியை வாசிக்க வேண்டும், பள்ளத்தின் ஆழமான இடத்தை அல்ல. பள்ளத்தை வாசித்தால் துடிப்பின் அகலத்தைப் பொறுத்துப் பல மீற்றர் பிந்திவிடும்.

7.82 இலிருந்து 6.19 ஐக் கழித்தால் 1.63. அதை 78 ஆல் பெருக்கினால் 127. ஆகவே 647 மீற்றர். பாலம் ஒரு முனையிலிருந்து 645, மறுமுனையிலிருந்து 643 என்றது. துடிப்பு 647 என்கிறது. இதற்கு மேல் கருவிகளிடம் கேட்க ஒன்றுமில்லை.

மீற்றரிலிருந்து மண்ணுக்கு

645 என்பது கேபிளின் நீளமே தவிர வீதியில் நாடா பிடித்து அளக்கும் நீளம் அல்ல. உப மின்நிலையத்துக்குள் சுருட்டிவிட்ட வளையம், மூட்டுகளில் விட்ட உபரி, குழாய்களைத் தாண்ட இறங்கி ஏறிய வளைவு எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. எனவே கேபிளுக்குள் ஒலி அதிர்வெண்ணை விட்டு அதன் பாதையைத் தரையில் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, கணக்கிட்ட இடத்துக்கு இரு பக்கமும் பத்துப் பதினைந்து மீற்றரில் நில ஒலிவாங்கியால் தம்பரின் அடியைக் கேட்க வேண்டும். அடியின் காந்தச் சைகை உடனே வந்துவிடும், ஒலி மண்ணினூடாகப் பிந்தி வரும். அந்தப் பிந்துதல் மிகக் குறைவாக உள்ள இடமே பழுதுக்கு நேர் மேல். சத்தம் உரத்துக் கேட்கும் இடத்தை நம்பக்கூடாது. கொங்கிறீற்றுப் பலகை ஒலியைப் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும், பஸ் ஓடும் வீதியின் அருகே காதும் ஏமாறும். நாங்கள் கேட்டது இரவு பதினொரு மணிக்குப் பிறகு.

பிந்துதல் குறைந்த இடம், நாடா அளவுக்கு ஏழு மீற்றர் உள்ளே, ஒரு மதிலோரமாக விழுந்தது. தோண்டியபோது ஈய உறையில் விரல் நுழையும் ஒரு துளை இருந்தது. அதன் விளிம்பு மழுங்கிப் பழசாகியிருந்தது. எப்போதோ குழாய் வேலைக்கு வந்தவர்களின் கூரிய கருவி பட்டு, உடனே வெடிக்காமல், கடல்பக்க நிலத்தடி நீர் காகிதத்தில் ஏறும் வரை அது காத்திருந்திருக்கிறது.

அப்படியான கேபிளில் துளையை மட்டும் வெட்டி மூட்டுப் போடக்கூடாது. காகிதத்தில் நீர் இரு பக்கமும் ஊறிப் போயிருக்கும். வெட்டிய முனையிலிருந்து காகித நாடாக்களைச் சுத்தமான இடுக்கியால் உரித்து, 130 பாகைக்குச் சூடாக்கிய எண்ணெயில் போட்டுப் பார்க்க வேண்டும். பொரிந்து நுரைத்தால் ஈரம், இன்னும் பின்னுக்கு வெட்ட வேண்டும். கடத்தியை ஒட்டிய காகிதத்தையும் உறையை ஒட்டிய காகிதத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஏனெனில் நீர் கடத்தியின் இழைகளுக்கு இடையேதான் அதிகத் தூரம் ஓடும். இங்கே ஒரு பக்கம் மூன்று மீற்றரும் மறுபக்கம் ஐந்து மீற்றரும் வெட்டிய பிறகே எண்ணெய் அமைதியானது. இடையில் எக்ஸ்.எல்.பி.ஈ. துண்டொன்றைச் சேர்த்து இரண்டு மாற்று மூட்டுகள் போட்டார்கள்.

மின் கொடுக்குமுன் மூன்று கோர்களின் துடிப்புக் கோடுகளையும் மீண்டும் பதிந்துகொண்டேன். புதிய மூட்டுகள் 7.7 க்கும் 7.9 க்கும் அருகே இரண்டு நெளிவுகளாகத் தெரிகின்றன. அந்தப் படத்தையும், இரு மூட்டுகளுக்கும் அருகிலுள்ள மதில் மூலையிலிருந்து நாடா பிடித்த தூரத்தையும், 520, 340 என்றிருந்த பழைய நீளங்களுக்குப் பதிலாக இப்போதைய நான்கு துண்டுகளின் நீளம், கடத்தி, வகை ஆகியவற்றையும் கேபிளின் பதிவேட்டில் சேர்த்தோம்.